புள்ளியா, அழுக்கா: 1936-இல் அச்சான ஒரு பக்கத்தை எழுத்துணரிக்குத் தயார் செய்த அனுபவம்

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துக் கைமருந்து நூல் ஒன்று இருக்கிறது. 1936-இல் அச்சானது, கிரௌன் அளவு, 84 பக்கம். தாள் பழுப்பேறி, ஓரங்கள் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டதால், அதைத் தட்டச்சு வடிவில் மாற்றி வைத்துவிட வேண்டும் என்று இரண்டு மாதங்களாக மாலை நேரங்களில் வேலை செய்துவந்தேன். சென்ற வாரம்தான் அதன் 23-ஆம் பக்கத்தை, படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து உரையாக்கும் மென்பொருளான எழுத்துணரி நான் எதிர்பார்த்த அளவுக்குச் சரியாகப் படித்தது. எந்த மாற்றமும் செய்யாத முதல் படத்தில் அந்தப் பக்கத்தின் 212 சொற்களில் 83 சொற்கள் பிழையாக வந்தன. கடைசிப் படத்தில் 19. இடையில் எங்கே தவறினேன், எது உண்மையில் பயன் தந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

எழுத்துணரியாக நான் பயன்படுத்தியது டெசரக்ட் 5, அதனுடன் கிடைக்கும் தமிழ்த் தரவுகளில் ‘பெஸ்ட்’ என்ற தொகுதி. படங்களைத் திருத்த இமேஜ்மேஜிக், கண்ணால் பார்த்து அளக்க கிம்ப். இவை எல்லாம் இலவசம். ஸ்கேனர் வீட்டில் ஏற்கெனவே இருந்த, மேசையில் தட்டையாக வைக்கும் சாதாரண வகை. கையிலிருந்து செலவானது கறுப்பு சார்ட் பேப்பர் ஒன்றுக்கான பத்து ரூபாய் மட்டுமே. அந்தப் பத்து ரூபாயின் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன், முன்னேற்றத்தை எண்ணிப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதால், 23-ஆம் பக்கத்தைப் பிழையின்றி நானே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் பிடித்த அந்த வேலை, பின்னால் பல மாலைகளை மிச்சப்படுத்தியது. ஏனென்றால் படம் கண்ணுக்கு அழகாகத் தெரிவதும் எழுத்துணரி சரியாகப் படிப்பதும் வெவ்வேறு என்பது எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. எழுத்துணரி தந்த உரையை இந்த மூல உரையுடன் சொல் சொல்லாக ஒப்பிட்டேன். முதல் ஒப்பீட்டிலேயே ஒரு குழப்பம் வந்தது. ‘கொஞ்சம்’, ‘பொடி’, ‘போட்டு’ போன்ற சொற்கள் இரண்டு உரைகளிலும் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தும் பிழை என்று காட்டப்பட்டன. ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். என் விசைப்பலகை இரண்டாம் முறையில் எழுதியிருந்தது. இரண்டு உரைகளையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டபோதுதான் உண்மையான எண்ணிக்கை கிடைத்தது.

```
uconv -x any-nfc moolam.txt > a.txt
uconv -x any-nfc p23.txt > b.txt
wdiff -3 -s a.txt b.txt
```

83 பிழைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் மெய்யெழுத்துப் புள்ளியைப் பற்றியவையாக இருந்தன. சில இடங்களில் இருந்த புள்ளி காணாமற்போயிருந்தது: ‘எண்ணெய்’ என்பது ‘எணணெய’ ஆகியிருந்தது. வேறு சில இடங்களில் இல்லாத புள்ளி முளைத்திருந்தது: ‘மிளகு’ என்பது ‘மிள்கு’ என்று வந்திருந்தது. கிம்பில் அந்த ‘மிளகு’வைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ளகரத்தின் தலைக்கு மேல், புள்ளி இருக்க வேண்டிய அதே உயரத்தில், தாளில் பூஞ்சை பிடித்த ஒரு பழுப்புப் பொட்டு இருந்தது. எழுத்துணரி அதைப் புள்ளி என்று நினைத்ததில் குற்றம் சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் நானும் அப்படித்தான் படித்திருப்பேன்.

பொட்டுதான் சிக்கல் என்றால் பொட்டுகளை நீக்கிவிடலாம் என்று நினைத்தது என் முதல் பெரிய தவறு. பழைய நூல்களைச் சீர்படுத்துவோர் பலரும் பயன்படுத்தும் ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கூடவே சிறு பொட்டுகளை நீக்கும் வசதியை நடுத்தர அளவில் வைத்து வெளியிட்டேன். பக்கம் நேற்று அச்சடித்ததுபோலத் துப்புரவாக வந்தது. ஆனால் பிழை எண்ணிக்கை 83-இலிருந்து 104-க்கு ஏறிவிட்டது. ‘பத்து’ எல்லாம் ‘பதது’ ஆயின. ‘கால் பலம்’ என்ற அளவு ‘கால பலம’ ஆயிற்று. மருந்து நூலில் அளவு பிழைபடுவதைவிடக் கெடுதல் வேறில்லை.

காரணம் அளந்து பார்த்ததும் விளங்கியது. அந்தப் பக்கத்தில் மெய்யெழுத்துப் புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் எடுத்த படத்தில் அது நான்கைந்து பிக்சல்தான். பூஞ்சைப் பொட்டுகளும் மூன்று முதல் ஆறு பிக்சல் வரை இருந்தன. பொட்டு நீக்கும் வசதி, எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு கறுப்புத் திட்டுகளை அளவு பார்த்து அழிக்கிறது. ஆங்கிலப் பக்கத்தில் அப்படி அழிந்தால் போவது முற்றுப்புள்ளியும் ஐயின் மேற்புள்ளியும்தான். தமிழிலோ அநேகமாக ஒவ்வொரு சொல்லிலும் ஒரு புள்ளி எழுத்தைத் தொடாமல் தனித்து நிற்கிறது. இரண்டும் ஒரே அளவில் இருக்கும்போது, அளவைக் கொண்டு அழுக்கையும் புள்ளியையும் பிரிக்கவே முடியாது. அந்த வசதியை முற்றிலும் நிறுத்தினேன். ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கம், எழுத்துக் கூர்மை என்ற பெயரில் தானாகவே நடக்கும் திருத்தங்களையும் நிறுத்திவைத்தேன்.

அளவால் பிரிக்க முடியாததை நிறத்தால் பிரிக்க முடியும் என்பது அடுத்த சில நாள்களில்தான் புலப்பட்டது. அச்சு மை கறுப்பு. பூஞ்சைப் பொட்டும் தாளின் பழுப்பும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறம். வண்ணப் படம் ஒன்று சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது. பழுப்பு நிறம் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பியனுப்புவதால் சிவப்பு அடுக்கில் வெளுத்துத் தெரியும்; நீல ஒளியை விழுங்கிவிடுவதால் நீல அடுக்கில் கறுத்துத் தெரியும். கறுப்பு மை மட்டும் மூன்றிலும் கறுப்பாகவே இருக்கும். கிம்பில் மூன்று அடுக்குகளையும் தனித்தனியே திறந்து பார்த்தபோது, அந்த ‘மிளகு’வின் மேலிருந்த பொட்டு நீல அடுக்கில் மையைப் போலவே கறுத்திருந்தது, சிவப்பு அடுக்கில் பென்சிலால் லேசாகத் தொட்ட சுவடாக மங்கியிருந்தது. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: ஸ்கேன் செய்யும்போதே சாம்பல் நிறத்திலோ கறுப்பு வெள்ளையிலோ எடுத்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடுகிறது. எழுத்துகள் கறுப்புத்தானே, வண்ணம் எதற்கு என்று எண்ணி முதல் முப்பது பக்கங்களைச் சாம்பலில் எடுத்து வைத்திருந்தேன். அவற்றையெல்லாம் மறுபடியும் எடுக்க நேர்ந்தது.

சிவப்பு அடுக்கை எடுத்தபின்னும் பக்கத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் தையல் ஓரம் இருண்டும் இருந்தது. இதைச் சமன்செய்ய, படத்தின் நகல் ஒன்றை நன்றாக மங்கலாக்கி, அந்த மங்கலான நகலால் மூலப் படத்தை வகுப்பது எளிய வழி. எழுத்துகளெல்லாம் கரைந்து, தாளின் வெளிச்ச ஏற்றத்தாழ்வு மட்டும் எஞ்சியிருக்கும் நகல் அது. அதனால் வகுத்தால் தாள் எங்கும் ஒரே வெண்மையாகிவிடும். எவ்வளவு மங்கலாக்குவது என்பதில்தான் நான் இரண்டு மாலைகளை இழந்தேன். முதலில் கொடுத்த அளவு 8. எழுத்தின் உயரத்தைவிட இது மிகவும் சிறிது என்பதால், நகலில் எழுத்துகள் கரையாமல் நிழலாக நின்றுவிட்டன. வகுத்ததும் தடித்த கோடுகளின் நடுப்பகுதி வெளுத்து, எழுத்துகள் வெற்றுக்கூடுகளாக வந்தன. நூலின் தலைப்பு எழுத்துகள் இதில் மிகவும் கெட்டன. மங்கலின் அளவு எழுத்தின் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பதே நான் கண்டுகொண்ட வரம்பு. 300 பிக்சல் படத்தில் ககரத்தின் உயரம் 29 பிக்சல் இருந்தது. 30 என்று கொடுத்ததும் எழுத்துகள் முழுமையாக வந்தன. இந்த நிலையில் பிழை 41-ஆகக் குறைந்தது.

பின்புற அச்சு ஊடுருவித் தெரிவது அடுத்த தொல்லை. தாள் மெல்லியது, 24-ஆம் பக்கத்தின் எழுத்துகள் இடவலம் மாறிய நிழல்களாக 23-ஆம் பக்கத்தின் வரிகளுக்கிடையே தெரிந்தன. அவையும் கறுப்பு மையின் நிழல்களே என்பதால் நிறத்தால் பிரியவில்லை. இதற்குத்தான் அந்தக் கறுப்பு சார்ட் பேப்பர். ஸ்கேனர் மூடியின் உட்பக்கம் வெள்ளை. தாளைக் கடந்துபோகும் ஒளி அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும்போது பின்புற எழுத்தின் நிழலைச் சுமந்து வருகிறது. தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் அந்த ஒளி திரும்புவதில்லை. பக்கம் முழுவதும் சற்று இருண்டு வரும். ஆனால் ஒரே சீராக இருண்டு வருவதால் பின்னர் எளிதில் வெளுத்துவிடலாம். சார்ட்டைப் பக்கத்தின் அளவைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டி, ஸ்கேன் செய்யும் தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் செருகினேன். ஒரு எச்சரிக்கை: சார்ட்டின் கறுப்பு விளிம்பு படத்தில் விழக் கூடாது. விழுந்தால், மேலே சொன்ன வகுத்தல் அந்த ஓரத்தில் கறைபோன்ற பட்டையை உண்டாக்கும். சாய்வைத் தானாகத் திருத்தும் கட்டளையும் வரிகளை விட்டுவிட்டு அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். முன்னோட்டத்திலேயே சட்டத்தைத் தாளுக்கு உள்ளே நகர்த்தி வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இவ்வளவும் செய்தபின் எஞ்சியிருந்த பிழைகளில் ஒரு புதிய வகை கண்ணில் பட்டது. மை சற்றுப் பரவியிருந்த இடங்களில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக்கொம்பின் மேல்வளைவு அடைபட்டு இரட்டைக்கொம்பாகத் தோன்றியது. ‘கெடும்’ என்பது ‘கேடும்’ என்று வந்ததற்கு இதுவே காரணம். தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கத்தான் செய்தது. 300 பிக்சல் படத்தில் அந்த இடைவெளி ஒரு பிக்சலுக்கும் குறைவாகி மறைந்துவிட்டது. எனவே 600-க்கு மாறினேன். புள்ளி ஒன்பது பத்து பிக்சலாயிற்று; இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் 600 படத்தை அப்படியே எழுத்துணரிக்குக் கொடுத்தபோது பெரிதாக எதுவும் முன்னேறவில்லை. டெசரக்ட் எழுத்தின் உயரம் 30 பிக்சல் அளவில் இருக்கும்போது நன்றாகப் படிக்கிறது. என் படத்தில் ககரம் 58 பிக்சல் உயரம் இருந்தது. துப்புரவு வேலைகளையெல்லாம் 600-இல் முடித்துவிட்டு, கடைசியில் பாதியாகச் சுருக்கிக் கொடுத்ததும் பிழை 19-ஆகக் குறைந்தது. முதலிலேயே 300-இல் எடுப்பதும் 600-இல் எடுத்துத் துலக்கிச் சுருக்குவதும் ஒன்றல்ல; இரண்டாவதில், இடைவெளிகள் துலங்கிய பிறகே சுருக்கம் நடக்கிறது.

இறுதியில் நிலைபெற்ற கட்டளைகள் இவை:

```
magick p23.tif -channel R -separate +channel \
  \( +clone -blur 0x60 \) -compose Divide_Src -composite \
  -level 15%,92% p23-g.tif
magick p23-g.tif -background white -deskew 40% +repage \
  -resize 50% -units PixelsPerInch -density 300 \
  -bordercolor white -border 20 p23-o.tif
tesseract p23-o.tif p23 -l tam --psm 6
```

முதல் கட்டளை சிவப்பு அடுக்கை எடுத்து, வெளிச்சத்தைச் சமன்செய்து, 92 விழுக்காட்டுக்கு மேல் வெளுத்தவற்றை முழு வெள்ளையாக்குகிறது. பூஞ்சையின் மங்கிய சுவடுகளும் பின்புற நிழலின் மிச்சமும் இங்கேதான் மறைகின்றன. மங்கலின் அளவு, படம் இருமடங்கானதால் 60 ஆகியிருக்கிறது. இரண்டாவது சாய்வைத் திருத்தி, சுருக்கி, சுற்றிலும் சிறு வெள்ளை ஓரம் சேர்க்கிறது. விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கும் எழுத்தை எழுத்துணரி தவறவிடுகிறது. கடைசியில் உள்ள 6 என்ற எண், படம் முழுவதும் ஒரே பத்தித் தொகுதி என்று சொல்கிறது. பக்கத்தலைப்பையும் பக்க எண்ணையும் முன்பே வெட்டிவிட்டதால் இது பொருந்தியது.

அந்த 92 என்ற எண்ணை வைத்து நான் நிறைய விளையாடிப் பார்த்தேன். 75-க்கு இறக்கினால் பக்கம் பளிச்சென்று வெளுக்கிறது; ஆனால் மை குறைவாகப் பட்ட புள்ளிகளும் சேர்ந்து வெளுத்துப்போகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பக்கத்தில் ‘எண்ணெய்’ என்ற சொல்லைத் தேடி, நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மருந்து நூலில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இரண்டு புள்ளிகள், ஓர் ஒற்றைக்கொம்பு, ணகரத்தின் நெருக்கமான சுழிகள் எல்லாம் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. இரண்டு புள்ளிகளும் எழுத்தைத் தொடாமல் கறுப்பாக நின்று, கொம்பின் வளைவு திறந்திருந்தால் அந்தப் பக்கம் தேறிவிடும். இறுதிப் படத்தை முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் சாம்பலாகவே விட்டதற்கும் இதுதான் காரணம். மாற்றிப் பார்த்தபோது மெலிந்த புள்ளிகள் உடைந்து, பிழை 27-க்கு ஏறியது.

மீதமிருந்த 19 பிழைகளில் 14, படத்தை எப்படித் திருத்தினாலும் தீராதவை. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ‘ணை, லை, ளை, னை’ ஆகியவை யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடும், ‘ணா, றா, னா’ ஆகியவை துணைக்கால் எழுத்தோடு பிணைந்தும் அச்சாயின. நான் பயன்படுத்திய தரவுக்கு இந்த வடிவங்கள் பழக்கமில்லை. ‘இலை’யிலுள்ள லைகாரம் ஓரிடத்தில் வெறும் லகரமாக வந்தது, வேறோர் இடத்தில் இரண்டு எழுத்துகளாகப் பிளந்து வந்தது. ஒரே மாதிரியாகப் பிழைத்திருந்தால் மொத்தமாக மாற்றிவிடலாம். அப்படி இல்லாததால், தாளில் இந்த ஏழு எழுத்துகள் வரும் இடங்களை எழுத்துணரி தந்த உரையோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துகிறேன். பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது.

தையல் ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூல் பக்கவாட்டில் கம்பி அடித்துக் கட்டப்பட்டது, முழுவதும் விரியாது. என் ஸ்கேனர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் தாளை மட்டுமே கூர்மையாகப் படம்பிடிக்கும் மெல்லிய வகை. தாள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலெழுந்தாலே எழுத்து கலங்கிவிடுகிறது. கலங்கிய எழுத்தை எந்தக் கட்டளையும் மீட்டுத் தரவில்லை. நூலின் ஒரு பாதியைக் கண்ணாடிமேல் வைத்து மறுபாதியை ஸ்கேனரின் ஓரத்துக்கு வெளியே செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேலே ஒரு சிறிய மரப்பலகையைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தபோது பெரும்பாலான பக்கங்கள் சரியாக வந்தன. ஆறு பக்கங்களில் மட்டும் ஒவ்வொரு வரியிலும் கடைசி ஓரிரு எழுத்துகள் வளைந்தே இருந்தன. அவற்றின் வரியிறுதிகளைத் தட்டச்சு செய்துவிட்டேன்.

17-ஆம் பக்கத்தில் ஊதா நிற முத்திரை ஒன்று நான்கு வரிகளின் குறுக்கே விழுந்திருக்கிறது. அங்கே சிவப்பு அடுக்கு உதவவில்லை. முத்திரை மை அதில் இருண்டு நின்றது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் கட்டளையில் `R` என்பதை `B` ஆக்கி நீல அடுக்கை எடுத்தேன். முத்திரை மங்கியது, ஆனால் பூஞ்சைப் பொட்டுகள் கறுத்து வந்தன. முத்திரை விழுந்த நான்கு வரிகளை நீலத்திலிருந்தும் மற்ற வரிகளைச் சிவப்பிலிருந்தும் படித்து ஒட்டினேன்.

அடுத்த நூலுக்கு நான் மாற்றிக்கொள்ளப்போவது சில உண்டு. முதல் நாளே எல்லாப் பக்கங்களையும் 600-இல், வண்ணத்தில், கறுப்பு சார்ட் செருகி, டிஃப் கோப்பாக எடுத்துவிடுவேன். பக்கத்துக்கு ஏறத்தாழ 37 மெகாபைட், 84 பக்கத்துக்கு மூன்று ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். இன்றைய பென்டிரைவில் அது ஒரு மூலைக்குத்தான் காணும். இடம் மிச்சப்படுத்த முதலில் ஜேபெக்கில் எடுத்த படங்களில் எழுத்துகளைச் சுற்றித் தூள் தூளாகப் படிந்திருந்த கறைகளே பல பொய்ப் புள்ளிகளுக்குக் காரணமாயிருந்தன. மூல உரையாகத் தட்டச்சு செய்ய ஒரே பக்கத்தை எடுக்காமல், நூலின் தொடக்கம், நடு, இறுதி என்று மூன்றிலிருந்தும் அரைப் பக்கம் எடுப்பேன். 23-ஆம் பக்கத்துக்குப் பொருந்திய 92, மை மங்கலாக அச்சாகியிருந்த கடைசிப் படிவத்துக்குப் பொருந்தாமல், அந்தப் பதினாறு பக்கங்களுக்கு மட்டும் 96 என்று வைத்து மறுபடியும் ஓட்ட வேண்டியதாயிற்று.

இப்போது 71 பக்கங்கள் திருத்தி முடிந்திருக்கின்றன. மீதம் இருப்பது அளவைப் பட்டியல்கள் வரும் 13 பக்கங்கள். குன்றிமணி, பணவெடை, பலம் என்று கட்டங்களுக்குள் அச்சானவை. கட்டத்தின் செங்குத்துக் கோட்டைத் துணைக்காலாக எழுத்துணரி படிப்பதால், கோடுகளை முதலில் நீக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.